யாரேனும் ஒருவரா, இவர்தானா? – தனிமையையும் துணை விருப்பத்தையும் பிரித்தறிதல்

உறக்கமின்மை என்று கூறி எங்கள் மனநல மருத்துவப் பிரிவுக்கு வருவோரில், நோயுற்ற தாயையோ தந்தையையோ பல ஆண்டுகள் உடனிருந்து கவனித்து, பின் அவரை இழந்தவர்கள் கணிசமானவர்கள். முதல் இரண்டு சந்திப்புகளில் உறக்கம், பசி, மாத்திரை ஆகியவற்றைப் பற்றியே பேச்சு நடக்கும். மூன்றாவது சந்திப்பில், எழுந்து செல்லும் நேரத்தில், சற்றே தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். "டாக்டர், ஒருவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். திருமணம் செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறது. சரியாக இருக்குமா?"

செய்யலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது மருத்துவரின் வேலையன்று. ஆனால் அந்த விருப்பம் வீட்டின் வெறுமையிலிருந்து எழுகிறதா, அந்த மனிதரிடமிருந்து எழுகிறதா என்பதை ஓரளவு பிரித்துப் பார்க்க இயலும். அதற்கு நாங்கள் கையாளும் முறையை ஒரு நிகழ்வின் வழியாக இங்கே விளக்குகிறோம். பலருடைய அனுபவங்களை ஒன்றுசேர்த்து, அடையாளங்களை முற்றிலும் மாற்றி எழுதப்பட்டது இது.

அவருக்கு வயது 39. மயிலாப்பூரில் தாயின் பெயரிலிருந்த அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறார். தியாகராய நகரில் அலுவலகம். தாய்க்குப் பக்கவாதம் வந்து மூன்றரை ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். காலையில் உணவுக்குழாய் வழியே கஞ்சி, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்கவைத்தல், மாலையில் இயன்முறை மருத்துவர் வருகை, இரவு பத்து மணிக்குக் கடைசி மாத்திரை என்று நாள் முழுதும் ஒரு கால அட்டவணை இருந்தது. தாய் மறைந்த பதின்மூன்றாம் நாளுக்குப் பின் அந்த அட்டவணை ஒரேயடியாக நின்றுபோயிற்று. ஆறு வாரங்களில் அவர் ஒரு திருமண இணையதளத்தில் பதிவு செய்தார். நான்காவது மாதத்தில், அடையாற்றில் வசிக்கும் 44 வயதுடைய ஒருவரை பாண்டி பஜாரில் ஒரு காபிக் கடையில் இரண்டு முறை சந்தித்திருந்தார். மாத முடிவுக்குள் பதில் சொல்லுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். எங்களிடம் வந்தது அந்த மாதத்தின் மூன்றாவது வாரத்தில்.

அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றோம். "தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்வார், சாப்பிட்டாயா என்று கேட்பார்" என்றார். வேறு? "நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார்." அவர் பேசியதில் சிரிப்பு வந்தது எது, எதில் கருத்து வேறுபட்டீர்கள், அவருக்கு எதன் மேல் கோபம் வரும் என்று கேட்டபோது விடை இல்லை. அவரைச் சுற்றியிருந்த நேரத்தை அவர் நன்கு அறிந்திருந்தார், மனிதரை அறியவில்லை. இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு சந்திப்பில் யாருக்குத்தான் ஒரு மனிதர் முழுதும் விளங்கிவிடுவார்? ஆனால் விளங்காத ஒருவரிடம் மாத முடிவுக்குள் வாழ்வை ஒப்படைக்கத் தோன்றுகிறது என்றால், அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய வேறுபாடு உதவும். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வெய்ஸ் 1973இல் வெளியிட்ட நூலில், தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, நட்பு வட்டம் இல்லாத தனிமை. தன்னோடு ஒத்த அனுபவமுடையோர், சேர்ந்து பேசவும் வேலை செய்யவும் ஆட்கள் இல்லாத நிலை. மற்றொன்று, நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை. நாம் வீடு திரும்பினோமா என்று கவலைப்பட ஓர் உயிர் இல்லாத நிலை. மணமுறிவாலோ இறப்பாலோ துணையின்றிப் பிள்ளைகளை வளர்ப்போரின் சங்கத்தை அவர் கவனித்தார். அங்கே உறுப்பினர்களுக்கு நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள். ஆயினும் அவர்களது தனிமை தீரவில்லை. மறுபுறம், தொலைதூரத்திலிருந்து பாஸ்டன் பகுதிக்குக் குடிவந்த தம்பதியரில், அன்பான கணவர் உடனிருந்தும் மனைவியர் தனிமையில் வாடினார்கள். அவர்களுக்கு இல்லாதிருந்தது தோழியர் வட்டம். ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்ப முடியாது என்பது அவர் கண்டது.

இவை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு. அது தனிமையே அன்று. ஒரு குறிப்பிட்ட மனிதரின் மேல் எழும் விருப்பம். இம்மூன்றும் உடலில் ஒரே மாதிரி உணரப்படுகின்றன என்பதுதான் சிக்கல். நெஞ்சில் ஒரு கனம், கைப்பேசியை அடிக்கடி பார்ப்பது, உறக்கம் கலைவது, உணவில் நாட்டமின்மை ஆகியவை மூன்றிலும் வரலாம். எனவே உணர்வின் வலிமையை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. 'இவ்வளவு ஏங்குகிறேன் என்றால் இது உண்மையான அன்பாகத்தானே இருக்க வேண்டும்' என்ற வாதத்தை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். ஏக்கத்தின் அளவு ஏக்கத்தின் பொருளைச் சொல்வதில்லை.

ஆகவே நாங்கள் அவரிடம் ஒரு சிறு குறிப்பேடு கொடுத்தோம். 14 நாட்கள். ஏக்கம் எழும் ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளை மட்டும் எழுத வேண்டும்: மணி என்ன, எங்கே இருந்தீர்கள், அதற்கு முந்தைய ஒரு மணிநேரத்தில் என்ன நடந்தது, அந்தக் கணத்தில் யார் வந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். கடைசிக் கேள்விக்கு நேர்மையாக, முதலில் தோன்றிய விடையை எழுத வேண்டும். யோசித்தால் விடை நாகரிகமாகிவிடும்.

அவர் 23 குறிப்புகளுடன் திரும்பி வந்தார். அவற்றில் 16, மாலை ஆறரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் வீட்டில் எழுந்தவை. ஐந்து, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில். இரண்டு மட்டுமே வேறு நேரங்களில். அலுவலகத்தில், பேருந்தில், கபாலீசுவரர் கோயிலில் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பத்தியில் 15 இடங்களில் 'யாராவது' என்று எழுதியிருந்தார். ஆறு இடங்களில் 'அம்மா'. அந்த மனிதரின் பெயர் இரண்டு இடங்களில் இருந்தது. இரண்டும் அவர் வழக்கமான நேரத்துக்குப் போன் செய்யாத இரவுகள்.

இதை அவரோடு அமர்ந்து படித்தோம். மாலை ஆறரை முதல் ஒன்பது வரை என்பது தாய்க்கு இயன்முறை, உடல் துடைத்தல், இரவு உணவு என்று கைகள் ஓயாத நேரம். அந்த நேரத்துக்கு இப்போது வேலை இல்லை. 'அம்மா' என்ற ஆறு குறிப்புகளுக்கு எந்த வரனும் மருந்தாக முடியாது. அது துக்கம், தனக்குரிய காலத்தை எடுத்துக்கொண்டே அது தணியும். 'யாராவது' என்ற 15 குறிப்புகள் தெளிவாகத் தனிமை. எஞ்சிய இரண்டைப் பற்றித்தான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. எதிர்பார்த்த அழைப்பு வராதபோது மனம் படும் பாடு கடுமையானது. வந்தவுடன் கிடைக்கும் நிம்மதி இனிமையானது. சில நாள் வந்து சில நாள் வராத ஒன்றை மனம் இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும். காத்திருப்பின் இந்த ஏற்ற இறக்கத்தை அன்பு என்று எடுத்துக்கொள்வது மிக எளிது. அவர் பேசிய நாட்களைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லாமல், பேசாத நாட்களைப் பற்றி மட்டும் குறிப்பு இருந்ததே எங்களுக்குப் போதுமான அடையாளமாக இருந்தது.

இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. 'யாராவது' என்று எழுதுபவர், சித்தி மகளிடம் அரை மணிநேரம் பேசியதும் இலகுவாகிவிட்டால், அவருக்கு இல்லாதது பெரும்பாலும் பேச்சுத் துணை. பேசி முடித்துக் கைப்பேசியை வைத்ததும் அதே கனம் திரும்பினால், வெய்ஸ் சொன்ன இரண்டாவது வகைத் தனிமையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் வாழ்க்கைத் துணையைத் தேடுவது முற்றிலும் நியாயமானதே. அவர் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: தேடுவதற்கான காரணம் உண்மையாக இருப்பதால், எதிரே அமர்ந்திருப்பவர் பொருத்தமானவர் என்று ஆகிவிடாது.

இன்னொரு எச்சரிக்கை. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் எதிலும் விருப்பமின்றி இருத்தல், விடியலுக்கு வெகுமுன்பே விழித்துவிடுதல், எடை குறைதல், தன்னைப் பயனற்றவராகக் கருதுதல் ஆகியவை இருந்தால் அதைத் தனிமை என்றும் காதல் என்றும் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முதலில் சிகிச்சை வேண்டும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணையோ, 104ஐயோ அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். நம் குடும்பங்களில், 'ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று அக்கறையோடுதான் சொல்கிறார்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு அவசரமாகத் திருமணம் செய்துவைத்தால், சிகிச்சை தள்ளிப்போவதோடு, மற்றொருவரும் அந்தச் சுமைக்குள் இழுக்கப்படுகிறார்.

நம் நிகழ்வுக்குத் திரும்புவோம். அந்த மனிதரை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்து வாரங்களுக்கு நிச்சயதார்த்தம் உட்பட எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அந்தப் பத்து வாரங்களில் குறிப்பேடு காட்டிய இரண்டு நேரங்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்தோம். வாழ்க்கை முழுவதையும் மாற்றியமைக்கும் பெரிய திட்டங்கள் மூன்றாம் நாளே கைவிடப்படுகின்றன. எந்த மணிநேரம் கசிகிறதோ அதை மட்டும் அடைத்தால் போதும். செவ்வாய், வியாழன் மாலைகளில், பள்ளிப் பருவத்தில் விட்ட பாட்டு வகுப்பு. மற்ற மாலைகளில் அலுவலகத்திலிருந்து நேரே வீட்டுக்கு வராமல் நாகேஸ்வரராவ் பூங்காவில் நாற்பது நிமிட நடை, அதே நேரத்தில், அதே வாயில் வழியாக. நேரம் மாறாதிருந்தால் முகங்களும் மாறாதிருக்கும். மூன்றாவது வாரத்தில் யாரோ ஒருவர் "நேற்று வரவில்லையே" என்று கேட்பார். நட்பு வட்டம் இல்லாத தனிமைக்கு, புதிதாகப் பலரைச் சந்திப்பதைவிட ஒரே சிலரைத் திரும்பத் திரும்பச் சந்திப்பது பயன்படுகிறது என்பது எங்கள் அனுபவம். ஞாயிறு பிற்பகலுக்கு அடையாற்றிலுள்ள அத்தை வீடு.

இவற்றோடு கடினமான பயிற்சி ஒன்றும் இருந்தது. வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணிநேரம், தொலைக்காட்சியும் கைப்பேசியும் இன்றி வீட்டில் தனியே இருப்பது. அச்சம் தரும் ஒன்றைச் சிறிது சிறிதாகச் சந்திக்கும் அதே சிகிச்சை முறைதான் இது. முதல் முறை இருபதாவது நிமிடத்தில் எழுந்து வெளியே சென்றுவிட்டார். ஐந்தாவது முறை, தாயின் அலமாரியைத் திறந்து புடவைகளை மடித்து வைத்தார்; அழுதார்; பிறகு தனக்கு மட்டும் ரவை உப்புமா செய்து சாப்பிட்டார். தனக்கென்று ஒருவேளைச் சமையல் செய்தது நான்கரை மாதங்களுக்குப் பின் அதுவே முதல்முறை.

தனித்திருப்பதில் அமைதி காண்பது துணை தேடலை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ஸ்பீல்மனும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், துணையின்றி இருந்துவிடுவோமோ என்ற அச்சம் மிகுந்தவர்கள், தங்களிடம் அக்கறை காட்டாதவர்கள் மீதும் அதிக விருப்பம் தெரிவித்தார்கள். தேர்ந்தெடுப்பதில் தளர்வாக இருந்தார்கள். நிறைவளிக்காத உறவை முறித்துக்கொள்ளும் வாய்ப்பும் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஜாதகமும் பெற்றோரும் கலந்துள்ள நம் ஊர் வரன் தேடலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அச்சம் அளவுகோலைத் தாழ்த்தும் விதம் இங்கும் அதுவே.

ஏழாவது வாரத்தில் அவர் தாமாகவே ஒன்றைச் சொன்னார். இரண்டாவது சந்திப்பிலேயே அந்த மனிதர், மயிலாப்பூர் வீட்டுப் பத்திரம் யார் பெயருக்கு மாறியிருக்கிறது என்று கேட்டிருந்தார். "அப்போதே உறுத்தியது டாக்டர். ஆனால் கேட்டால் ஒன்பது மணிப் போன் நின்றுவிடுமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்." அந்தக் கேள்வியில் தவறு இல்லாமலும் இருக்கலாம், நாற்பதுகளில் திருமணம் செய்பவர்கள் சொத்து பற்றிப் பேசுவது நல்லதும்கூட. கவலை தந்தது கேள்வியன்று, திருப்பிக் கேட்க முடியாத நிலை. இப்போது அந்த அழைப்பு நின்றாலும் மாலை நின்றுவிடாது என்பதால் கேட்டார். மறுபக்கத்திலிருந்து எரிச்சல்தான் பதிலாக வந்தது. மறுநாள் அத்தையிடம் சொல்லிவிட்டு, வேண்டாம் என்று தெரிவித்தார். குறிப்பேட்டில் அந்த வாரம் 'யாராவது' மூன்று, 'அம்மா' ஐந்து. துக்கம் குறையவே இல்லை என்பதைக் கவனியுங்கள்; தனிமை மட்டும் விலகியதால் அது தனியே தெரிந்தது.

நோயாளிகளாகிய வாசகர்களுக்கு இன்னொரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். அவருக்கு முடக்குவாதம் உண்டு. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். முதல் மனிதரிடம் அதை மறைத்திருந்தார். கருத்தரிக்க எண்ணினால் மருத்துவர் மேற்பார்வையில் முன்கூட்டியே நிறுத்த வேண்டிய மருந்து அது; மறைத்துத் திருமணம் செய்தால் முதல் ஆண்டிலேயே வெளிப்படும். வலிப்பு, நீரிழிவு, குணமான புற்றுநோய், மனநோய் உள்ள பலரும் இதையே செய்கிறார்கள். தெரிந்தால் விலகிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். வலிப்பு நோயை 1999ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தின் தடைகளிலிருந்து நீக்கிவிட்டது. வீடுகளில் அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை. விலகிவிட்டால் தாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவரால்தான் சொல்ல முடிகிறது. எப்போது சொல்வது? முதல் சந்திப்பிலேயே மருத்துவக் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. இரு தரப்பிலும் தொடர விருப்பம் தெரிந்தபின், குடும்பங்கள் நாள் குறிப்பதற்கு முன், நோயின் பெயர், எடுக்கும் மருந்து, அன்றாடத்தில் அதன் பாதிப்பு ஆகியவற்றைச் சாதாரணக் குரலில் சொல்லிவிடலாம். விரும்பினால் இருவருமாக எங்களையோ உரிய மருத்துவரையோ சந்தித்துக் கேட்கலாம்.

ஓராண்டுக்குப் பின் அவர் மற்றொருவரைச் சந்தித்தார். லஸ்ஸிலுள்ள ரானடே நூலகத்தில் தொடங்கிய அறிமுகம். மூன்றாவது சந்திப்பில் முடக்குவாதத்தைப் பற்றிச் சொன்னார். அவர் அன்று அதிகம் பேசவில்லை. அடுத்த வாரம் வந்து, குளிர்காலக் காலைகளில் விரல்கள் எவ்வளவு நேரம் இறுகியிருக்கும் என்று கேட்டார். இந்த மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நாங்கள் கேட்டபோது பதில் பதினைந்து நிமிடம் நீண்டது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார், பணியாளரிடம் மரியாதையாகப் பேசுவார், தன் தவறை ஒப்புக்கொள்ள நாள்கணக்கில் எடுத்துக்கொள்வார். இந்தக் கடைசிக் குணம் தமக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். குறையோடு சேர்த்து ஒருவரைச் சொல்ல முடிவது நல்ல அடையாளம். தனிமை வரைந்து காட்டும் மனிதருக்குக் குறையே இராது.

குறிப்பேட்டை அவர் அப்போதும் வைத்திருந்தார். புதிய பதிவு ஒன்றைக் காட்டினார். வியாழக்கிழமை, இரவு எட்டு மணி, பாட்டு வகுப்பு முடிந்த படிக்கட்டு. அன்று ஒரு கடினமான சங்கதி முதன்முறையாகச் சரியாக வந்து, ஆசிரியர் பாராட்டியிருந்தார். தோழியர் இருவர் உடனிருந்தார்கள். யார் வந்திருந்தால் போதும் என்ற பத்தியில் அவர் பெயர் மட்டும் இருந்தது. வெறுமையான நேரத்தில் அன்று, நிறைந்த நேரத்தில் எழுந்த விருப்பம் அது. அருகிலிருந்தவர்களிடம் சொல்லியும் தணியவில்லை.

அந்த உறவு திருமணத்தில் முடியவில்லை. அந்த மனிதரின் வேலை வெளிநாட்டுக்கு மாறியது. அவர் வீட்டையும் வகுப்பையும் விட்டுச் செல்ல விரும்பவில்லை. இருவருமாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். எங்களிடம் வந்து நிறைய அழுதார். உறங்குகிறீர்களா என்று கேட்டோம். உறங்குவதாகவும், செவ்வாயன்று வகுப்புக்குச் சென்றதாகவும் கூறினார். மாலைகள் எப்படி இருக்கின்றன என்றோம். "மாலையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது டாக்டர். அவர்தான் இல்லை" என்றார்.